மாத அறிக்கையில் விடுபட்ட எண்கள்: எதை நிரப்புவது, எதை மதிப்பிடுவது, எதைக் காலியாக விடுவது

குடிநீர் வழங்கும் நீரேற்று நிலையம் ஒன்றின் மாதாந்திர இயக்க அறிக்கையைத் தொகுப்பது என் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் லாக் புக்கில் மூன்று எண்களை எழுதுவார். ஃப்ளோ மீட்டரின் மொத்த ரீடிங், பம்ப் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரின் ரீடிங், மின் மீட்டரின் யூனிட் ஆகிய மூன்றும்தான் அவை. இவை தவிர, குழாய் வரிசையின் கடைக்கோடித் தெருவில் தினமும் ஒரு முறை நீரில் எஞ்சியுள்ள குளோரினைப் பார்த்து எழுதுகிறோம். மாத முடிவில் இவையெல்லாம் எக்செல் தாளுக்குப் போகின்றன.

எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்த மாதம் என் அனுபவத்தில் குறைவு. விடுபட்ட இடத்தில் சராசரியைப் போட்டு நிரப்பிவிடுவது பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் ஏன் விட்டேன் என்பதை ஒரே ஒரு ஜூன் மாதத்தின் தாளை வைத்துச் சொல்கிறேன். அந்த ஒரு மாதத்திலேயே வெவ்வேறு வகைக் காலிகள் வந்திருந்தன. உங்கள் தாளில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதியிலிருந்து படிக்கலாம். ஆனால் முதல் பகுதியில் வரும் சோதனை மற்றவற்றிலும் தேவைப்படும்.

அறிகுறி: சில நாள்களின் ரீடிங் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது

ஜூன் 12, 13, 14 ஆகிய மூன்று காலைகளில் ரீடிங் எழுதப்படவில்லை. வழக்கமான ஆபரேட்டர் விடுப்பில் இருந்தார். மாற்றாக வந்தவர் பம்பை ஓட்டினார், புத்தகத்தைத் தொடவில்லை. முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: விடுபட்டவை மூன்று ரீடிங்குகள், ஆனால் தெரியாமல் போனவை நான்கு நாள்களின் நீரளவு. 11ஆம் தேதி காலை முதல் 12ஆம் தேதி காலை வரை ஓடிய நீரை அறிய 12ஆம் தேதி ரீடிங் வேண்டும். ஆகவே 11, 12, 13, 14 ஆகிய நான்கு நாள்களின் கட்டங்களும் காலி.

எங்கள் தாளில் தேதி A நிரலிலும் ரீடிங் B நிரலிலும் இருக்கின்றன. நாளின் அளவு C நிரலில் இப்படி இருந்தது:

```
=B3-B2
```

எக்செல் காலிக் கட்டத்தைக் கணக்கில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் 11ஆம் தேதிக்கு எதிரே கழித்தல் 4,42,300 என்றும், 14ஆம் தேதிக்கு எதிரே 4,52,260 என்றும் வந்து நின்றது. நடுவிலுள்ள இரண்டு நாள்களும் 0. பார்த்ததும் பதறிப்போய் அந்த நான்கு கட்டங்களையும் அழித்துவிட்டு மாதச் சராசரியை இடத் தோன்றும். அழிப்பதற்கு முன் அந்த நான்கையும் கூட்டிப் பாருங்கள். 9,960 வரும். அதுதான் சரியான விடை. 15ஆம் தேதி ரீடிங்கிலிருந்து 11ஆம் தேதி ரீடிங்கைக் கழித்தாலும் அதே 9,960 கிலோலிட்டர். தனித்தனி நாள்கள் அபத்தமாக இருந்தாலும் கூட்டுத்தொகை கெடவில்லை.

மொத்தமாக ஏறிக்கொண்டே போகும் மீட்டரின் வரம் இது. நாம் பார்க்காவிட்டாலும் அது எண்ணிக்கொண்டிருக்கிறது. எனவே இந்த வகைக் காலியில் மொத்தத்தை நிரப்ப வேண்டும். அது மதிப்பீடு ஆகாது, அளவீடுதான். ஆனால் நான்கு நாள்களின் பங்கீடு நமக்குத் தெரியாது. 9,960-ஐ நான்கால் வகுத்து நாளொன்றுக்கு 2,490 என்று எழுதினால், யாரும் அளக்காத நான்கு எண்களை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

சராசரியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதத்தின் முதல் பத்து நாள்களில் 29,700 கிலோலிட்டர், அதாவது நாளுக்கு 2,970. அதை நான்கால் பெருக்கினால் 11,880. உண்மையில் ஓடியதைவிட 1,920 கிலோலிட்டர் கூடுதல். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

அதற்குத்தான் ஹவர் மீட்டர். அது 11 காலை முதல் 15 காலை வரை 66.4 மணி காட்டியது. 9,960-ஐ 66.4-ஆல் வகுத்தால் மணிக்கு 150 கிலோலிட்டர். எங்கள் பம்பின் வழக்கமான அளவும் அதுதான். அப்படியானால் ஃப்ளோ மீட்டர் சரியாக எண்ணியிருக்கிறது. பம்ப்தான் குறைவான நேரம் ஓடியிருக்கிறது. வழக்கமான நாளில் 19.8 மணி ஓடும். நான்கு நாளுக்கு 79.2 மணி வந்திருக்க வேண்டும். 12.8 மணி எங்கே போனது?

விடுப்பு முடிந்து வந்த ஆபரேட்டரிடம் கேட்டேன். "நீங்கள் விடுப்பில் இருந்தபோது ஏதாவது நடந்ததா, அண்ணா?"

"நான் ஊரில் இல்லை, சார். ஆனால் பன்னிரண்டாம் தேதி காலையில் போன மின்சாரம் இரவுதான் வந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். துணை மின் நிலையத்தில் கேட்டால் நேரத்தோடு சொல்வார்கள்."

கேட்டேன். எங்களுக்கு மின்சாரம் தரும் ஃபீடர் ஏறத்தாழ 13 மணி நேரம் நின்றிருந்தது. கணக்கு பொருந்திவிட்டது.

இந்த வகுத்தல் சோதனை எதிர்ப்பக்கமும் உதவும். மின்காந்த ஃப்ளோ மீட்டர் இயங்க மின்சாரம் வேண்டும். ஊர் முழுவதும் மின்தடை என்றால் பம்பும் நிற்கும், மீட்டரும் நிற்கும், நட்டமில்லை. மீட்டரின் ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால் பம்ப் நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும், மீட்டர் உறங்கும். அப்போது கழித்து வரும் மொத்தம் குறைவாக இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஒரு மணிக்கான அளவு 150-க்குப் பதிலாக 120 என்று வந்தால் அந்தக் கூட்டுத்தொகையை அளவீடு என்று எழுத முடியாது. அடுத்த பகுதியின் முறைக்குப் போக வேண்டியதுதான். மீட்டரை மாற்றியிருந்தாலும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும். புதிய மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியிருப்பதால் கழித்தல் விடையே பொருளற்று நிற்கும். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைக் கழற்றிய அன்றே குறித்துவைத்திருந்தால் மட்டுமே அதை மீட்க முடியும்.

இப்போது தாளைச் சரிசெய்வோம். C நிரலில் இப்படி எழுதினேன்:

```
=IF(OR(B2="",B3=""),"",B3-B2)
```

இதனால் அபத்த எண்கள் மறைந்து நான்கு கட்டங்களும் காலியாகும். ஆனால் ஒரு ஆபத்து கூடவே வருகிறது: மாதக் கூட்டலிலிருந்து 9,960 முழுவதும் காணாமல் போகும். எனவே 14ஆம் தேதிக் கட்டத்தில் சூத்திரத்தை நீக்கி 9,960 என்று எழுதி, பக்கத்து D நிரலில் "தொ" என்ற குறியை இடுகிறேன். நான்கு நாள் தொகுப்பு என்று பொருள். அளந்த நாளுக்கு "அ", மதிப்பிட்ட நாளுக்கு "ம". காலி என்றால் காரணத்தையே ஒரு சொல்லில் எழுதுகிறேன்.

குறி இருப்பதால் மாதத்தின் அதிகபட்ச நாளைத் தேடும்போது நான்கு நாள் தொகுப்பு ஒரு நாளாக எண்ணப்படாது:

```
=MAXIFS(C2:C31,D2:D31,"அ")
```

நாள் சராசரிக்கு AVERAGE பயன்படாது. அது தொகுப்பை ஒற்றை நாளாக எண்ணிவிடும். மாத மொத்தத்தை 30-ஆல் வகுப்பதே சரி. குறைந்தபட்ச நாளை இந்த மாதம் காலியாக விட்டேன். 12ஆம் தேதிதான் மிகக் குறைவு என்பது உறுதி, ஆனால் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. அளந்த நாள்களில் எது குறைவோ அதை அந்தக் கட்டத்தில் எழுதினால் படிப்பவருக்குப் பொய் சொன்னதாகும்.

அறிகுறி: ரீடிங் தினமும் இருக்கிறது, நீரளவு பூஜ்யம்

இது காலிபோலத் தோன்றாத காலி. அதனால்தான் இதைப் பார்த்தால் எனக்குக் கவலை அதிகம். ஜூன் 21 காலை முதல் 28 காலை வரை எட்டு ரீடிங்குகளும் 4,70,110. லாக் புக்கில் ஆபரேட்டர் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைத் திருத்தமாக எழுதியிருந்தார். அவர் எழுதியதில் தவறில்லை. மீட்டர் காட்டியதைத்தான் எழுதினார். கழித்தல் சூத்திரம் ஏழு நாளுக்கும் 0 தந்தது. அப்படியே கூட்டினால் மாத மொத்தம் 66,420 கிலோலிட்டர். ஒரு வாரம் ஊருக்கு நீரே போகவில்லை என்று அறிக்கை சொல்லியிருக்கும்.

பூஜ்யத்தைக் கண்டால் ஹவர் மீட்டரைப் பாருங்கள். பம்ப் ஓடவில்லை என்றால் பூஜ்யம் உண்மை, அப்படியே விடுங்கள். அந்த வாரம் 136 மணி ஓடியிருந்தது. எனவே அது பூஜ்யம் இல்லை, தெரியாத எண். 28ஆம் தேதி மீட்டரைப் பழுதுபார்த்து மீண்டும் ஓடவிட்டார்கள். நடுவில் போனதை எந்த மீட்டரும் எண்ணவில்லை, ஆகவே கழித்துப் பெற வழியில்லை. இங்கேதான் மதிப்பீடு நியாயமாகிறது: எண் தேவைப்படுகிறது, அதோடு சேர்ந்து ஓடிய வேறொரு மீட்டர் உயிரோடு இருக்கிறது.

முதலில், மீட்டர் எப்போது நின்றது என்று பார்க்க வேண்டும். 20ஆம் தேதியின் அளவை அன்றைய பம்ப் மணியால் வகுத்தேன். 150 வந்தது. அப்படியானால் அன்று முழுவதும் மீட்டர் ஓடியிருக்கிறது. 21 காலையையொட்டி நின்றிருக்கிறது. இது குறைந்து வந்திருந்தால் 20ஆம் தேதியையும் மதிப்பீட்டுக்குள் சேர்த்திருப்பேன்.

அடுத்து, மணிக்கு 150 என்ற விகிதத்தை 136 மணியால் பெருக்கினால் 20,400 கிலோலிட்டர். விகிதத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பது முக்கியம். பம்பின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் அளவை எடுக்கக் கூடாது. அது புதிய பம்ப் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தள்ளும் அளவு. தேய்ந்த பம்ப், படிவு கட்டிய குழாய் ஆகியவற்றின் உண்மை நிலை அதில் இல்லை. அதே பம்ப், அதே குழாய், பழுதுக்குச் சற்று முந்திய நாள்கள், இந்த மூன்றும் பொருந்தும் இடத்திலிருந்து விகிதத்தை எடுக்க வேண்டும். மாற்றுப் பம்பை அந்த வாரம் ஓட்டியிருந்தால் அதன் விகிதம் வேறு.

ஒரு வழியில் வந்த எண்ணை மற்றொரு வழியால் உரசிப் பார்ப்பது என் வழக்கம். பம்ப் பலகைக்கென்று தனி மின் மீட்டர் இருக்கிறது. முதல் இருபது நாள்களில் ஒரு கிலோலிட்டர் நீரைத் தள்ள 0.252 யூனிட் செலவாகியிருந்தது. பழுதான வாரத்தில் 5,060 யூனிட். வகுத்தால் 20,079 கிலோலிட்டர். இரண்டுக்கும் இடையே 321 கிலோலிட்டர், அதாவது 1.6 விழுக்காடு. இந்த நெருக்கம் எனக்குப் போதும்.

இரண்டும் வெகுவாக விலகியிருந்தால் அந்த விலகலே ஒரு செய்தி. மையவிலக்குப் பம்பின் வால்வைப் பாதி மூடிவிட்டு ஓட்டினால் நீர் குறையும், மின்சாரமும் பொதுவாகக் குறையும். ஆனால் ஹவர் மீட்டர் அதே மணியைத்தான் எண்ணும். அப்போது மணிக்கணக்கு அதிகமாகவும் யூனிட் கணக்கு குறைவாகவும் வரும். பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் நான் எந்த எண்ணையும் எழுதுவதில்லை. காலியாக விட்டு, வால்வையும் பம்பையும் பார்க்கச் சொல்கிறேன். பத்து என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட வரம்பு. உங்கள் பம்பின் அன்றாட ஏற்ற இறக்கத்தைப் பார்த்து உங்களுக்கான வரம்பை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது எதற்கு எதிரே எழுதுவது என்ற கேள்வி. ஹவர் மீட்டர் ரீடிங் ஏழு நாளும் இருந்ததால் ஒவ்வொரு நாளின் மணியையும் 150-ஆல் பெருக்கி நாள்வாரியாகவே எழுதினேன். ஏழுக்கும் "ம" குறி. முந்தைய தொகுப்பைப் போல ஒரே கட்டத்தில் அடைக்க வேண்டியதில்லை, ஏனெனில் இங்கே நாளுக்கு நாள் மாறும் மணி அளக்கப்பட்டிருக்கிறது.

மாத மொத்தம் இப்போது 86,820 கிலோலிட்டர். இதில் 20,400 மதிப்பிட்டது. கிட்டத்தட்ட கால் பங்கு. மொத்தத்தை மட்டும் எழுதாமல் அதன் கீழே இரண்டு வரிகளை வைத்தேன்:

```
=SUM(C2:C31)-SUMIF(D2:D31,"ம",C2:C31)
=SUMIF(D2:D31,"ம",C2:C31)
```

முதல் வரியில் 66,420, இரண்டாவதில் 20,400. மேலதிகாரி ஒருவர் ஆரம்பத்தில் இதை விரும்பவில்லை. "ஒரே எண்ணாகக் கொடுங்கள், தம்பி. இரண்டு எண் இருந்தால் கேள்வி கேட்பார்கள்" என்றார். கேள்வி கேட்கட்டும் என்பதற்காகத்தான் இரண்டாகக் கொடுக்கிறோம் என்றேன். மீட்டர் பழுதான ஏழு நாளில் சரிசெய்யப்பட்டது என்பதையும், அது ஏழு நாள் எடுத்துக்கொண்டது என்பதையும் அந்த இரண்டாவது வரிதான் சொல்கிறது.

அறிகுறி: நிரப்பிய பிறகு செயல்திறன் எண் அழகாக வருகிறது

எங்கள் அறிக்கையில் ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற வரி உண்டு. பம்ப் தேய்ந்தால் முதலில் ஏறுவது அதுதான். இப்போது கவனியுங்கள். பழுதான வாரத்தின் நீரளவை நான் யூனிட் வழியாக மதிப்பிட்டிருந்தால், 5,060 யூனிட்டை 0.252-ஆல் வகுத்து நீரளவைப் பெற்றிருப்பேன். பிறகு அதே 5,060-ஐ அந்த நீரளவால் வகுத்து செயல்திறன் காண்பேன். விடை 0.252 தான் வரும், வேறெதுவும் வர முடியாது. அந்த வாரம் பம்பின் உறுப்பு உடைந்து பாதி நீர்தான் போயிருந்தாலும் 0.252 தான். நாம் போட்டதையே திரும்ப எடுக்கிறோம்.

ஹவர் மீட்டர் வழியாக மதிப்பிட்டாலும் இந்தச் சிக்கல் முழுதாக நீங்காது; மணிக்கு 150 என்று நாமே எடுத்துக்கொண்டதுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே ஒரே அறிக்கையில், ஒரே ஏழு நாளுக்கு, நீரளவை மதிப்பிட்டு எழுதுகிறேன். செயல்திறனைக் காலியாக விடுகிறேன். மாதச் செயல்திறனை அளந்த 23 நாள்களுக்கு மட்டும் கணக்கிட்டு, "23 நாள்" என்று பக்கத்தில் எழுதுகிறேன். நீரளவுக்குச் சரியான மதிப்பீடு விகிதத்துக்குச் சரியாகாது. ஒரு கட்டத்தை நிரப்பியவுடன் அதைத் தொட்டு ஓடும் சூத்திரங்கள் எவை என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். எக்செலில் அந்தக் கட்டத்தில் நின்றுகொண்டு Trace Dependents அழுத்தினால் அதே தாளில் உள்ளவற்றை அம்புக்குறிகள் காட்டும்.

அறிகுறி: ஒரு கட்டமும் காலியில்லை, ஆனாலும் நெருடுகிறது

தொடர்ந்து ஐந்து நாள் 2,970, 2,970 என்று வந்தால், அல்லது எல்லா எண்ணும் நூறில் முடிந்தால், அந்தக் காலியை யாரோ நமக்கு முன்பே நிரப்பிவிட்டார்கள். லாக் புக்கை நேரில் வாங்கிப் பாருங்கள். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய ஐந்து வரிகள் கண்ணுக்குத் தெரியும். நாள்தோறும் எழுதிய பக்கத்தில் மை மாறும், எண் கோணும், ஓரத்தில் தேநீர்க் கறை இருக்கும்.

ஆபரேட்டரைக் கடிந்துகொண்டால் அடுத்த மாதம் இன்னும் நேர்த்தியாக நிரப்புவார். "விட்டுப்போனால் விட்டுப்போனது என்று எழுதுங்கள், அண்ணா. மீட்டர் இருக்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் எங்கள் புத்தகத்தில் உண்மையான காலிகள் வரத் தொடங்கின.

அறிகுறி: பழுது நிரலும் புகார் நிரலும் காலி

பழுது இல்லையா, அல்லது எழுதவில்லையா? காலிக் கட்டத்துக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு, தாளைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பழுது இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதச் சொல்லிவிட்டால் பிறகு காலி என்றால் எழுதவில்லை என்றே பொருள். பழைய மாதங்களுக்கு, பம்ப் மணி வழக்கம்போல் இருந்த நாள்களில் மட்டும் 0 என்று எடுத்துக்கொள்கிறேன்.

மின் கட்டணம் வராமல் மாதம் முடிந்தால் ரீடிங்கையும் கட்டண விகிதத்தையும் வைத்து மதிப்பிட்டு "ம" போடுகிறேன். பில் வந்ததும் அடுத்த மாத அறிக்கையில் பழைய எண், திருத்திய எண் இரண்டையும் காட்டுகிறேன். அனுப்பிய அறிக்கையைச் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. அதன் அச்சுப்படி யாருடைய கோப்பிலாவது இருக்கும்.

அறிகுறி: குளோரின் சோதனையில் எட்டு நாள் இல்லை

இங்கே என் பதில் ஒன்றுதான்: நிரப்பாதீர்கள், மதிப்பிடாதீர்கள்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கிருமி நீக்கத்துக்குக் குளோரின் சேர்த்த குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. கடைக்கோடிக் குழாயில் நீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வரும் மஞ்சள் நிறத்தைப் பெட்டியிலுள்ள நிற வரிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நிறம் வெளிறியிருந்தால் கிருமிக்குத் தடை இல்லை என்று பொருள். நேற்றைய நீரளவை மீட்டர் நினைவில் வைத்திருக்கும். நேற்றைய குளோரினை எதுவும் நினைவில் வைத்திருக்காது. குப்பியில் பிடித்து வைத்து நாளைக்குப் பார்க்கவும் முடியாது, குளோரின் கரைந்துகொண்டே போகும். வெயில், குழாயின் உட்சுவர், நீர் குழாயில் தேங்கிய நேரம், எங்காவது கசிவு வழியாக நுழைந்த சாக்கடை, இவை எல்லாம் சேர்ந்து அன்றைய அளவை முடிவு செய்கின்றன. முந்தைய நாளும் அடுத்த நாளும் 0.3 என்பதால் நடுநாளும் 0.3 என்று சொல்ல முடியாது. கசிவு ஒரே நாளில் நிகழலாம். அதைப் பிடிப்பதற்குத்தான் தினமும் சோதிக்கிறோம். செய்யாத சோதனைக்கு விடை எழுதினால், நோய் பரவினால் யாராவது புரட்டிப் பார்க்கும் பதிவேட்டில் பொய்யை வைத்தவர்கள் ஆவோம்.

எக்செல் இங்கேயும் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. சோதனைத் தாளிலிருந்து அறிக்கைத் தாளுக்கு நேரடியாகக் கட்டத்தை இழுத்தால் காலி 0 ஆக மாறி வரும். எங்கள் 22 சோதனைகளின் கூட்டுத்தொகை 6.6, சராசரி 0.30. எட்டுப் பூஜ்யம் சேர்ந்ததும் சராசரி 0.22 ஆகிவிட்டது. இப்படி இழுங்கள்:

```
=IF(Test!C2="","",Test!C2)
```

ஆனால் சராசரியையே நான் முன்னால் வைப்பதில்லை. 22-இல் 21 சோதனைகள் 0.2 அல்லது அதற்கு மேல், ஒன்று 0.1. அந்த ஒன்றுதான் செய்தி. "22-க்கு 21" என்று எழுதுகிறேன். வகுக்கும் எண் 30 ஆகக் கூடாது. விடுபட்ட எட்டையும் நல்லவை என்று சேர்த்து 30-க்கு 29 என்றும் ஆக்கக் கூடாது.

அந்த எட்டு காலிகளுக்கும் காரணம் ஒன்றல்ல. 24 முதல் 28 வரை ஐந்து நாள் சொட்டு மருந்து தீர்ந்துபோயிருந்தது. அங்கே "மருந்து இல்லை" என்று எழுதினேன். அது கொள்முதல் பிரிவுக்கான செய்தி. மீதி மூன்று நாள் 13, 14, 15. சோதிப்பவரின் சிறு குறிப்பேட்டில் அந்த மூன்று நாளும் ஒரே சொல்: "வரவில்லை". அவர் வரவில்லை என்று நினைத்து முதலில் விடுப்புக் கணக்கைப் பார்த்தேன். விடுப்பு இல்லை. அவரை அழைத்துக் கேட்டேன்.

"நான் மூன்று நாளும் போனேன், சார். குழாயில் தண்ணீர்தான் வரவில்லை. எதைப் பிடித்துச் சோதிப்பது?"

12ஆம் தேதி 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டி இறங்கிவிட்டது. பம்ப் மறுநாளிலிருந்து வழக்கமான நேரம்தான் ஓடியது, இழந்ததை ஈடுகட்டக் கூடுதலாக ஓடவில்லை. முன்னால் உள்ள தெருக்களுக்குப் போன நீர் கடைக்கோடிக்கு மூன்று நாள் எட்டவில்லை. புகார்ப் பதிவேட்டைத் திறந்தேன். அந்தத் தெருவிலிருந்து நான்கு புகார்கள் இருந்தன. அறிக்கையின் புகார் நிரலுக்கு அவை ஏறவே இல்லை.

நான்கு நாள் நீரளவில் சராசரி 2,970-ஐயும், மூன்று நாள் குளோரினில் 0.3-ஐயும் போட்டிருந்தால் அந்தத் தாளில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. கடைக்கோடித் தெருவில் மூன்று நாள் நீர் வரவில்லை என்பதற்கு அறிக்கையில் இருந்த ஒரே தடயம் அந்தக் காலிக் கட்டங்கள்தான். அவற்றில் "நீர் வரவில்லை" என்று எழுதி, அறிக்கையின் முதல் பக்கத்தில் இப்படிக் குறிப்பு வைத்தேன்:

"மொத்த நீரளவு 86,820 கிலோலிட்டர், இதில் 20,400 பம்ப் மணி வழியாக மதிப்பிட்டது, மின் யூனிட் வழிக் கணக்கு 20,079. ஜூன் 11 முதல் 14 வரை நான்கு நாள் தொகுப்பு 9,960. நாள்வாரி அளவு இல்லை. குளோரின்: சோதித்தது 22, மருந்து இல்லாதது 5, கடைக்கோடியில் நீர் வராதது 3."

இப்போது நீண்ட மின்தடைக்குப் பிறகு பம்பை 19.8 மணியோடு நிறுத்தாமல், கடைக்கோடிக் குழாயில் நீர் எட்டியது என்று சோதிப்பவர் தொலைபேசியில் சொல்லும்வரை ஓட்டுகிறார்கள். அந்த அழைப்பின் நேரத்தை எழுத லாக் புக்கில் ஒரு நிரல் சேர்த்திருக்கிறோம்.